கிஃப்ட் வவுச்சரை விற்பதும் வாங்குவதும்: பேலன்ஸ், காலாவதி, டெலிகிராம் பேரங்கள்

கேள்வி: கிரெடிட் கார்டு பாயின்ட்டை மாற்றியதில் 5,000 ரூபாய் ஃபிளிப்கார்ட் வவுச்சர் இரண்டு கையில் இருக்கிறது. எனக்கு இப்போது வாங்க ஒன்றுமில்லை. ஒரு டெலிகிராம் குரூப்பில் 92 சதவீத விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? அதே குரூப்பில் 10,000 ரூபாய் நகைக்கடை வவுச்சர் 8,500-க்குக் கிடைக்கிறது. தங்கைக்குக் கம்மல் வாங்க எடுக்கலாமா? பேலன்ஸ் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்தானே? அம்மாவிடம் இருந்த துணிக்கடை கார்டு ஒன்று போன மாதம் காலாவதியாகிவிட்டது. அது போனது போனதுதானா?

பதில்:

92 சதவீதக்காரருக்குக் கொடுக்காதீர்கள். நகைக்கடை வவுச்சரையும் விட்டுவிடுங்கள். பேலன்ஸ் பார்ப்பது மட்டும் போதாது. அம்மாவின் கார்டு மட்டும் நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலையில் இருக்கலாம். வவுச்சர் வழங்கும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேலன்ஸ் விஷயத்திலிருந்து ஆரம்பிப்போம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் ஃபிளிப்கார்ட் வவுச்சரில் ஒரு நீளமான எண்ணும் ஒரு பின்னும் இருக்கும். அந்த இரண்டும் யாருக்குத் தெரிகிறதோ அவர் அதைச் செலவழிக்கலாம். பெயர் கிடையாது, ஓடிபி கிடையாது. வண்டியை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். வவுச்சரில் அப்படி மாற்றிக் கொடுக்க ஒன்றுமில்லை. விற்பவர் எண்ணை உங்களிடம் சொன்ன பிறகும் அது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பேலன்ஸ் பார்க்கும் பக்கம் சொல்வது அந்த நொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். அடுத்த நொடிக்கு அது பொறுப்பில்லை.

இதை வைத்து நடக்கும் ஏமாற்று மிக எளிமையானது. விற்பவர் வீடியோ கால் போடுவார். அசல் இணையதளத்தையே திறந்து, பின்னை விரலால் மறைத்துக்கொண்டு, 10,000 ரூபாய் பேலன்ஸைக் காட்டுவார். காட்டியது உண்மைதான். நீங்கள் பணம் அனுப்பி, அவர் பின்னை அனுப்பி, நீங்கள் கடைக்குக் கிளம்புவதற்குள் அந்தக் கார்டில் அவரே எதையாவது வாங்கி முடித்திருப்பார். இதே வவுச்சரை நாலு பேருக்கு விற்பவர்களும் உண்டு. நாலு பேரில் முதலில் பயன்படுத்துபவருக்கு அது கிடைக்கும், மற்ற மூவரும் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்ற செய்தியைப் பார்ப்பார்கள். விற்றவரைக் கேட்டால், "நான் கொடுக்கும்போது இருந்ததே, நீங்கள்தான் யாரிடமோ காட்டிவிட்டீர்கள்" என்பார். அவர் காட்டிய வீடியோவும் அவர் பக்கமே சாட்சி சொல்லும்.

ஆகவே, வாங்குகிற வவுச்சர் எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. அமேசான் பே கிஃப்ட் கார்டு போன்றவற்றை உங்கள் கணக்கில் சேர்த்துவிடலாம். சேர்த்த நொடியில் அது உங்கள் பேலன்ஸாகிவிடும், வவுச்சர் கோடு தெரிந்த வேறு யாராலும் தொட முடியாது. இது வாங்குபவருக்குப் பரவாயில்லை. கடையில் நேரில் காட்டும் எண்-பின் கார்டுகளை, துணிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் வகையறாக்களை, பெரும்பாலும் அப்படிப் பூட்டி வைக்க வழியில்லை. பில் போடும் வரை அது பொதுச் சொத்து மாதிரிதான். மூன்றாவது வகை ஒரே தடவை பயன்படும் கூப்பன்: 1,000 ரூபாய் கூப்பனில் 700 ரூபாய்க்குப் பொருள் எடுத்தால் மீதி 300 போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. எண்-பின் கார்டில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாலோ ஆர்டரை ரத்து செய்தாலோ, பல இடங்களில் பணம் அதே கார்டுக்குத்தான் திரும்பும். வெளியாளிடமிருந்து வாங்கிய கார்டு என்றால் அந்த எண்ணும் பின்னும் அவரிடம் இன்னும் இருக்கின்றன. "நன்றாக முடிந்த வியாபாரம்" என்று நீங்கள் மறந்துவிட்டிருப்பீர்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த 3,200 ரூபாயை அவர் எடுத்துக்கொண்டிருப்பார். மோசடிக்காரர்தான் இதைச் செய்வார் என்றில்லை. நேர்மையாக விற்றவரே, தன் பழைய மின்னஞ்சலில் கார்டு கிடப்பதையும் அதில் பேலன்ஸ் காட்டுவதையும் பார்த்து, தன்னுடையது என்று நினைத்துச் செலவழித்த கதையும் நடக்கும். வாங்கிய கார்டில் எடுத்த பொருளைத் திருப்ப வேண்டியிருந்தால், அதற்கு முன் பணம் எங்கே திரும்பும் என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள். வந்த அன்றே செலவழித்துவிடுங்கள்.

பேலன்ஸ் பார்ப்பதிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. கூகுளில் "கிஃப்ட் கார்டு பேலன்ஸ் செக்" என்று தேடினால் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் சில அச்சு அசலாகக் கடையின் பக்கம் போலவே இருக்கும். எண்ணையும் பின்னையும் போடுவீர்கள். "சர்வர் பிஸி, சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று வரும். நீங்கள் காத்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் கார்டு காலியாகிவிடும். வவுச்சர் வந்த மின்னஞ்சலிலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், அல்லது கடையின் ஆப்பிலேயே பாருங்கள். வாங்குபவர் ஒருவர், "இந்த லிங்க்கில் பேலன்ஸ் செக் செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்" என்று தானே லிங்க் கொடுத்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இனி 92 சதவீதத்துக்கு வருவோம். இரண்டு வவுச்சர் சேர்த்து 10,000. அவர் கொடுப்பது 9,200. விலை நியாயமாகத் தெரிகிறது, அதனால்தான் யோசிக்கிறீர்கள். பணம் வராமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயமாக இருக்கும். அந்தப் பயத்தைத் தீர்க்கச் சுலபம்: பணம் வந்த பிறகு கோடு கொடுப்பேன் என்று சொல்லிவிடலாம். போலி ஸ்கிரீன்ஷாட்டையோ, வங்கி அனுப்பியது போலவே இருக்கும் எஸ்எம்எஸ்ஸையோ நம்பாமல், உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து பேலன்ஸ் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலோ யுபிஐ பின் போடச் சொன்னாலோ அது உங்கள் பணத்தை எடுப்பதற்கு. பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

பெரிய சிக்கல், பணம் சரியாக வந்து சேரும்போதுதான். எப்படி என்று ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

வாங்குகிறேன் என்பவர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வேறொரு இடத்தில் பழைய பைக் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் போட்டிருப்பார். படம் எங்கிருந்தோ எடுத்தது, பைக் அவரிடம் கிடையாது. சேலத்தில் ஒருவர் அதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிறார். "9,200 அட்வான்ஸ் போடுங்கள், வண்டியை உங்களுக்கே ஒதுக்கிவிடுகிறேன்" என்று சொல்லி, அவருக்கு அனுப்புவது உங்கள் யுபிஐ ஐடியை. சேலத்துக்காரர் பணம் போடுகிறார். உங்கள் வங்கி ஆப்பில் 9,200 ரூபாய் ஏறுகிறது. நிஜப் பணம், நிஜ வரவு. நீங்கள் திருப்தியாக இரண்டு வவுச்சர் எண்களையும் பின்களையும் அனுப்புகிறீர்கள். அவர் அதில் உடனே ஒரு செல்போனுக்கு ஆர்டர் போட்டுவிட்டு டெலிகிராம் கணக்கை அழித்துவிடுகிறார்.

மறுநாள் பைக் வராத சேலத்துக்காரர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கிறார். அவரிடம் இருக்கும் ஒரே தடயம் பணம் போன கணக்கு. அது உங்களுடையது. புகார் பதிவானதும் வங்கி அந்த 9,200 ரூபாயை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கும். வங்கிக்காரர்கள் லீன் போட்டிருக்கிறது என்பார்கள். சில நேரங்களில் கணக்கு முழுவதுமே முடங்கும். சம்பளம் வருகிற கணக்கு என்றால் வீட்டு வாடகை, ஈஎம்ஐ எல்லாம் நிற்கும். சட்டத்தின் பார்வையில் நீங்கள் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏமாந்தவரின் பணம் உங்களிடம் இருக்கிறது, வவுச்சர் உங்களிடம் இல்லை. நீங்களும் ஏமாந்தவர்தான் என்பதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. 800 ரூபாய் குறைவாக விற்றதுதான் நஷ்டம் என்று போட்ட கணக்கு அங்கே செல்லாது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சில அறிகுறிகள் உண்டு. பணம் அனுப்பியவர் பெயர் வேறாக இருக்கும். கேட்டால் "அண்ணன் அக்கவுன்ட்", "ஃபிரெண்டு போட்டான்" என்பார். யுபிஐ குறிப்பில் "பைக் அட்வான்ஸ்", "ரூம் புக்கிங்" என்று எதற்கும் சம்பந்தமில்லாத சொல் இருக்கும். சேலத்துக்காரர் அதை எழுதியிருப்பார், அவருக்குத் தெரிந்ததை. ஒரே தொகை இரண்டு மூன்று பேரிடமிருந்து துண்டு துண்டாக வந்தாலும் அதே கதைதான். இப்படி வந்துவிட்டால் கோடு கொடுக்காதீர்கள். "தெரியாமல் போட்டுவிட்டேன், இந்த ஐடிக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று வேறு ஐடி கொடுத்தால் அங்கே அனுப்பவும் கூடாது. அனுப்பினால் திருட்டுப் பணத்தைக் கைமாற்றிக் கொடுத்த வேலையை நீங்கள் செய்தவராவீர்கள். உங்கள் வங்கியிடம் எழுத்தில் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

இந்த அபாயத்தைக் குறைக்க ஒரு நிபந்தனை போடலாம்: வாங்குபவர் தன் சொந்தப் பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும், அனுப்பும் முன் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைக் காட்ட வேண்டும். நேர்மையாக வாங்குபவர் முணுமுணுத்தாலும் செய்வார். மற்றவர் அவசரப்படுத்துவார். ஆனால் ஒரு ரூபாயைத் தன் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு மீதியை வேறு எவரிடமிருந்தோ போட வைப்பவரும் இருக்கிறார், எனவே முழுத் தொகை வந்த பிறகும் பெயரைப் பாருங்கள்.

குரூப் அட்மினை நடுவில் வைத்துச் செய்யலாமே என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல அட்மின்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் குரூப்பில் "அட்மின் உதவி வேண்டும்" என்று எழுதிய ஒரு நிமிடத்தில், அதே பெயர், அதே படம் வைத்த ஒருவர் தனிச்செய்தியில் வருவார். யூசர்நேமில் ஒரே ஒரு எழுத்து வேறாக இருக்கும். சிறிய எல்-க்குப் பதில் பெரிய ஐ போட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது. உள்ளே வந்த செய்திக்குப் பதில் போடாமல், குரூப்பின் உறுப்பினர் பட்டியலில் அட்மின் என்று குறியிட்டவரைத் தட்டி, அங்கிருந்து நீங்களாகப் பேச்சைத் தொடங்குங்கள்.

சரி, வவுச்சரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? என்னைக் கேட்டால் வவுச்சரை யாருக்கும் விற்காமல் பொருளாக மாற்றுங்கள். உங்கள் வீட்டிலோ, அலுவலகத்திலோ, அடுத்த சில மாதங்களில் மிக்சியோ ஃபோனோ வாங்கப் போகிறவர் ஒருவராவது இருப்பார். சித்தப்பா 14,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் பார்த்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கிலிருந்து நீங்களே ஆர்டர் போடுங்கள், டெலிவரி முகவரி அவர் வீடு, 10,000 வவுச்சரில், மீதி 4,000-ஐ அவரிடம் முன்கூட்டியே வாங்கிக் கட்டிவிடுங்கள். பொருள் வந்ததும் அவர் உங்களுக்கு 10,000 தருவார். எட்டு சதவீதத் தள்ளுபடி போகாது, எண்ணும் பின்னும் உங்களைவிட்டு நகராது. வாரன்டிக்கு பில் வேண்டும் என்பதால் அதை அவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். பொருளைத் திருப்பினால் பணம் உங்கள் வவுச்சருக்குத்தான் வரும் என்பதையும் முதலிலேயே பேசிவிட்டால் நல்லது, சொந்தத்துக்குள் கசப்பு வராது. இதை முன்பின் தெரியாதவருக்காகச் செய்யாதீர்கள். "என் முகவரிக்கு ஆர்டர் போடுங்கள், பணம் தருகிறேன்" என்று இணையத்தில் கேட்பவர் சேலத்துக்காரர் கதையின் இன்னொரு வடிவம்.

பல வவுச்சர்களின் நிபந்தனைகளில் மறுவிற்பனையே கூடாது என்று எழுதியிருக்கும். அமேசான் கார்டில் அது தெளிவாகவே இருக்கிறது. விற்றதற்காக யாரும் சிறையில் போடப்போவதில்லை. ஆனால் தகராறு வந்து கஸ்டமர் கேரை அழைக்கும்போது "டெலிகிராமில் விற்றேன், வாங்கினேன்" என்று ஆரம்பித்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும்.

நகைக்கடை வவுச்சர். இதைக் கொஞ்சம் விற்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். தங்கம் வாங்கும் வவுச்சர் கிட்டத்தட்ட ரொக்கம். வீட்டில் யாராவது ஒருவர் எப்போதாவது நகை வாங்கியே தீருவார்கள். அப்படியிருக்க ஒருவர் 1,500 ரூபாய் நஷ்டத்துக்கு முன்பின் தெரியாதவரிடம் ஏன் தள்ள வேண்டும்? அவசரத் தேவை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த அளவு தள்ளுபடியில், அதுவும் "பத்துப் பன்னிரண்டு இருக்கு, எவ்வளவு வேணும்" என்று சொல்பவர் விஷயத்தில், அவருக்கு அது ஓசியில் வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். திருடிய கார்டு விவரங்களை வைத்து வவுச்சர் வாங்குவதுதான் மோசடிக்காரர்களுக்கு மிகச் சுலபமான வழி. பொருள் வாங்கினால் டெலிவரி முகவரி வேண்டும், வவுச்சருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பிறகு அதைத் தள்ளுபடியில் ரொக்கமாக்கிக்கொள்வார்கள்.

கார்டின் உண்மையான சொந்தக்காரர் தன் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து வங்கியில் புகார் செய்ததும், வவுச்சரை வழங்கிய நிறுவனம் அதை முடக்கும். நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் 8,500 போயிற்று. பயன்படுத்திவிட்டீர்கள் என்றால், நகைக்கடை பில்லில் உங்கள் பெயரும் ஃபோன் நம்பரும் இருக்கும். விசாரணை வவுச்சர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த பில்லுக்குத்தான் வரும், டெலிகிராம்காரரிடம் போகாது. தங்கையின் கம்மலை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வவுச்சர் உண்மையானதாகவே இருந்தாலும் நிபந்தனைகளைப் படிக்காமல் நகை வவுச்சர் வாங்கக் கூடாது. தங்கக் காசுக்குச் செல்லாது, ஒரு பில்லுக்கு இத்தனை வவுச்சர்தான், வேறு ஆஃபருடன் சேர்க்க முடியாது, குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் என்று பலவிதம் உண்டு. கடைக்கு ஃபோன் செய்து, "இந்த வகை வவுச்சரைக் கம்மலுக்கு எடுப்பீர்களா, எத்தனை எடுப்பீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். கேஷியர் முன்னால் நின்று தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது. தள்ளுபடி வேண்டுமென்றால் உங்கள் வங்கியின் ரிவார்டு தளத்திலோ கடையின் சொந்தத் தளத்திலோ எப்போதாவது வரும் சிறிய தள்ளுபடிதான் நம்பகமானது. சிறிதாகத்தான் இருக்கும்.

இன்னொரு சின்ன அடையாளமும் உண்டு. பல கடைகளில் பயன்படுத்தக்கூடிய, ரிசர்வ் வங்கி விதிகளுக்குள் வரும் கிஃப்ட் கார்டு ஒன்றில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் இருக்கலாம், மறுபடி பணம் ஏற்றவும் முடியாது, ரொக்கமாகவும் எடுக்க முடியாது. "25,000 ரூபாய் கார்டு, எல்லாக் கடையிலும் செல்லும், ஏடிஎம்மிலும் எடுக்கலாம்" என்று ஒருவர் விற்றால் அப்படியொரு கிஃப்ட் கார்டே இந்தியாவில் இருக்க முடியாது. ஒரு கடை தன் பொருளுக்கு மட்டும் தானே அச்சடிக்கும் வவுச்சர் இந்த விதிக்கு வெளியே இருக்கிறது, அதில் தொகை கடையின் விருப்பம்.

பணமோ கோடோ போய்விட்டது என்று தெரிந்தால் மணிக்கணக்கு முக்கியம். முதல் அழைப்பு வவுச்சரை வழங்கிய நிறுவனத்துக்கு: எண்ணைச் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். இன்னும் செலவாகாமல் இருந்தால், சில நேரம் வேறொருவர் கணக்கில் சேர்ந்த பிறகும்கூட, நிறுத்த வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கில் போனது என்பதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், காவல்துறை கேட்டால் சொல்வார்கள். அதனால் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அடுத்து 1930, அல்லது cybercrime.gov.in. உங்கள் கணக்கே முடங்கிவிட்டது என்றால், வங்கியிடம் புகாரின் எண்ணையும் எந்த மாநிலத்து எந்த நிலையம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். வவுச்சர் உங்களுக்கு வந்த அசல் மின்னஞ்சல், டெலிகிராம் உரையாடல், வரவு வந்த ஸ்டேட்மென்ட் வரி ஆகியவற்றை அந்த அதிகாரிக்கு அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்துவிடுங்கள், டெலிகிராமில் அந்தப் பக்கத்தில் இருப்பவர் உரையாடலை உங்கள் ஃபோனிலிருந்தும் அழித்துவிட முடியும்.

வெளியாள் சம்பந்தமே இல்லாத ஒரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர் தெரிந்தவர் போலவே இருப்பார். வாட்ஸ்அப்பில் மேலதிகாரியின் படம், "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக அமேசான் கிஃப்ட் கார்டு வாங்கி கோடு அனுப்பு, மாலையில் தருகிறேன்." 2022-இல் தமிழகத்தில் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபுவின் படத்தை வைத்தே இதைச் செய்தார்கள், அவரே வீடியோவில் எச்சரித்தார். எந்த மேலதிகாரியாக இருந்தாலும் அவருடைய பழைய எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டுப் பேசிவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக அம்மாவின் கார்டு. முதலில் பின்புறத்தில் சிறிய எழுத்தில் "வழங்குபவர்" என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடையின் பெயர் பெரிதாக இருந்தாலும் வழங்குபவர் வேறொரு நிறுவனமாகவோ வங்கியாகவோ இருக்கலாம். அப்படி இருந்து, அது ரிசர்வ் வங்கி விதிக்குள் வரும் கார்டு என்றால், 2021 ஆகஸ்ட் 27 அன்று வெளியான நெறிமுறைகள் உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. அத்தகைய கார்டுக்குக் குறைந்தது ஓராண்டு காலம் தர வேண்டும். முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் நினைவூட்ட வேண்டும். கிஃப்ட் கார்டை வைத்திருப்பவர் கேட்டால், புதிய கார்டு கொடுத்தாவது மறுபடி செல்லுபடியாக்கலாம். காலாவதியான கார்டில் மீதமிருக்கும் பணத்தை, மூன்று ஆண்டுகளுக்குள் நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் முடிந்த கார்டின் பணம், இன்னும் அம்மாவின் பணமாகவே அங்கே நிற்கிறது.

நினைவூட்டல் எஸ்எம்எஸ் அம்மாவுக்கு வராததற்குக் காரணமும் ஒன்று இருக்கலாம்: கார்டை வாங்கிக் கொடுத்தவரின் எண்ணுக்கு அது போயிருக்கும். அவரிடம் கேட்டு, ஆர்டர் மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளுங்கள். (டெலிகிராமில் வாங்கும் வவுச்சருக்கும் இதே நிலைதான், எச்சரிக்கை எல்லாம் விற்றவருக்கே போகும்.) பிறகு வழங்கிய நிறுவனத்துக்கு எழுதுங்கள். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாங்கிய தேதி, மீதித் தொகை, காலாவதித் தேதி, "செல்லுபடிக் காலத்தை நீட்டித்துத் தரவும் அல்லது மாற்றுக் கார்டு தரவும்" என்ற ஒரு வரி. அவ்வளவு போதும், பின்னை மின்னஞ்சலில் எழுத வேண்டாம். நீட்டிப்புக்குக் கட்டணம் பிடிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ சரியான காரணமின்றி மறுத்தாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

கடையே அச்சடித்த வவுச்சர் என்றால் இந்த விதிகள் பொருந்தாது, கடைக்காரர் மனது வைக்க வேண்டும். நேரில் கிளை மேலாளரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். ஒரு மாதம்தான் தாண்டியிருக்கிறது, பண்டிகைக்கு முன்னால் என்றால் வாடிக்கையாளரை இழக்க விரும்பாமல் சிலர் நீட்டித்துத் தருவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். காசு கொடுத்து வாங்கிய வவுச்சரா, இல்லை பில்லோடு இலவசமாகக் கொடுத்த சலுகைக் கூப்பனா என்பதை அங்கே முதலில் கேட்பார்கள். இலவசக் கூப்பன் என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம். உங்கள் ஃபிளிப்கார்ட் வவுச்சர் இரண்டின் காலாவதித் தேதியையும், அதற்கு இரண்டு மாதம் முன்னதாக ஒரு நாளையும் இன்றே ஃபோன் காலண்டரில் போட்டுவிடுங்கள். சித்தப்பா வாஷிங் மெஷினைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம்.